நன்னிலம் பக்கத்தில் நான்கு தலைமுறைக்குப் பெயர் வைத்தல்

கேள்வி: நன்னிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், 2024-இல் நடக்கும் நாவல் எழுதுகிறேன். ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறை. 85 வயதுப் பாட்டிக்குக் காந்திமதி, 60 வயது மகளுக்கு யாழினி, 36 வயதுப் பேரனுக்குப் பாண்டி, 6 வயதுக் கொள்ளுப்பேத்திக்குத் தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்திருக்கிறேன். படித்த நண்பர், "பெயர்கள் எதுவும் அந்தந்த ஆளுக்கு ஒட்டவில்லை" என்கிறார். எப்படித் திருத்துவது?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரி. காந்திமதி, திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் அம்மன். பாண்டி, மதுரைச் சீமையின் பெயர். இரண்டும் தஞ்சைப் பக்கத்தில் அறவே இல்லாதவை அல்ல, ஆனால் வாசகர் உடனே "இவர்கள் தெற்கிலிருந்து வந்த குடும்பமோ" என்று நினைத்துக்கொண்டு, வராத விளக்கத்துக்காகக் காத்திருப்பார். யாழினியும் தமிழ்ச்செல்வியும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். அதை மட்டும் மாற்றிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். எனினும் ஏன் மாற்ற வேண்டும் என்பது தெரிந்தால், நாவலில் வரும் மற்ற முப்பது பேருக்கும் நீங்களே பெயர் வைத்துவிடலாம்.

நான் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்தவன். ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதியிருக்கிறேன். பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய பதிவேடுகளையும் வேலை இல்லாத மாலைகளில் புரட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கற்றுக்கொண்ட வழி எளிமையானது. கதை நடக்கும் ஆண்டிலிருந்து வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கண்டுபிடியுங்கள். பிறகு, அந்த ஆண்டில் அந்த வீட்டில் பெயரை முடிவுசெய்தவர் யார் என்று கேளுங்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு அந்தப் பெயரில் எந்தப் பங்கும் இல்லை. தாத்தாவா, கட்சிக்கார மாமனா, எட்டாவது படிக்கும் அண்ணனா, திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவா என்று வைத்தவரை முதலில் முடிவுசெய்துவிட்டால், பெயர் பெரும்பாலும் தானாக வந்து நிற்கும்.

உங்கள் பாட்டியிலிருந்தே தொடங்குவோம். 2024-இல் 85 வயது என்றால் 1939-இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெயரின் பெரிய களஞ்சியம் பக்கத்துக் கோயில்தான். இது பொதுவான பக்திப் பெயர் அன்று. எந்தக் கோயில் என்பதே அந்தக் குடும்பத்தின் நாலைந்து மைல் சுற்றளவைச் சொல்லிவிடும். மன்னார்குடியைச் சுற்றி ராஜகோபாலும் செங்கமலமும், மயிலாடுதுறையில் அபயாம்பாள், திருக்கடையூர்ப் பக்கம் அபிராமி, சிக்கலைச் சுற்றிச் சிங்காரவேலு, திருவிடைமருதூரில் மகாலிங்கம், வேதாரண்யத்தில் வேதரத்தினமும் வேதையனும் என்று ஒரு வரைபடமே போடலாம். உங்கள் கதை நடக்கும் பகுதிக்குத் திருச்செங்காட்டங்குடி மிக அருகில் இருக்கிறது. அந்தக் கோயிலின் இறைவன் பெயரால் உத்திராபதி என்றும், சிறுத்தொண்டரின் பிள்ளை பெயரால் சீராளன் என்றும் பெயர் வைப்பது அங்கே வழக்கம். உத்திராபதி என்ற ஒரு சொல்லைப் படித்ததும் டெல்டாக்காரர் எவரும் நாகை, திருவாரூர்ப் பக்கம் என்று சொல்லிவிடுவார். பாட்டியின் காலமான கணவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பாட்டிக்கும் அதே ஊர்க் கோயிலிலிருந்து பெயர் எடுக்கத் தோன்றும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். வயதான பெண்களின் பெயர் அவர்கள் வாழ்க்கைப்பட்ட ஊரைக் காட்டாது. பிறந்த ஊரைக் காட்டும். பாட்டி வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் தையல்நாயகி. திருச்செங்காட்டங்குடிக்கு அருகில் ஒரு தையல்நாயகி இருந்தால், அவர் எங்கிருந்து வந்தார் என்பதை நீங்கள் எழுதாமலே வாசகர் தெரிந்துகொள்வார். அந்த ஊரில் அதே பெயர் வேறு ஒருவருக்கும் இல்லாததால், அறுபது ஆண்டுக்குப் பிறகும் அவர் ஓரளவுக்கு வெளியூர்க்காரியாகவே இருக்கிறார் என்பதும் பெயரிலேயே இருக்கிறது.

இதில் நிலமும் சாதியும் வந்து நுழைவதை மறைத்து எழுத முடியாது. 1939-இல் பண்ணை வேலை செய்த குடும்பத்துப் பிள்ளைக்கு வேதரத்தினம் என்றோ தர்மாம்பாள் என்றோ பெயர் இருப்பது எளிதன்று. காத்தான், சின்னான், மூக்கன், காத்தாயி, அஞ்சலை, சின்னப்பொண்ணு என்பவையே பழைய பதிவேடுகளில் அந்தத் தெருக்களிலிருந்து வந்தவை. வீட்டில் சின்னசாமி என்று வைத்தாலும் களத்துமேட்டில் சின்னானாகத்தான் கூப்பிடப்பட்டார்கள். ஆகவே உங்கள் குடும்பம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பெயருக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். நான் இங்கே சிறு நிலம் வைத்துத் தாமே உழுத குடும்பம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பு, குப்புசாமி என்றும், பிச்சையாக வாங்கிக்கொள்வதுபோல் பிச்சை என்றும் பெயர் வைப்பார்கள், நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு இந்துக்கள் பக்கிரிசாமி என்று வைப்பதும் உண்டு. இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு வேண்டுதலோ இறந்துபோன அண்ணன், அக்காவோ பெரும்பாலும் இருப்பார்கள். அழகுக்காகப் பயன்படுத்தாதீர்கள், பயன்படுத்தினால் அந்தக் கதையையும் கையில் வைத்திருங்கள்.

பாட்டிக்கு 1960-இல் ஒரு மூத்த மகன் பிறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் வைத்தவர்கள் பெற்றோர் அல்லர். முதல் ஆண்பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயர் என்பது ஏறக்குறையச் சட்டம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். தையல்நாயகியின் மாமனார் கோவிந்தசாமி என்றால் பிள்ளை கோவிந்தசாமி, அல்லது சற்றுப் புதுக்கி கோவிந்தராசு. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையைத் தாயே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத நிலை வரும்போது, வீட்டில் "பெரியவன்" என்றோ "ராசு" என்றோ இன்னொரு பெயர் முளைக்கும். இந்த விலக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புரட்டாசிச் சனிக்கிழமையில் தெருவே "கோவிந்தா கோவிந்தா" என்று குரல் கொடுக்கும்போது, எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி மட்டும் உதட்டை மூடிக்கொண்டு கையை மட்டும் கூப்புவார். கேட்டால், "எங்க மாமா பேரு அது" என்பார். மாமா போய்ச் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்து, 1964-இல் பிறந்த மகள். உங்கள் கையெழுத்துப் பிரதியில் யாழினியாக இருப்பவர். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்ப் பெயர் என்றால் எல்லாக் காலத்துக்கும் ஒன்றுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். தமிழ்ப் பெயர்களில் மூன்று அலைகள் உண்டு. மூன்றும் வெவ்வேறு அச்சில் வார்த்தவை.

முதல் அலை, தாங்களே தங்கள் பெயரை மாற்றிக்கொண்டவர்கள். நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம், 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி மறைமலையடிகள் ஆனார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. உங்கள் கதைக்களத்திலேயே இருக்கும் திருக்கண்ணபுரத்தில் 1920-இல் பிறந்த நாராயணசாமி, நெடுஞ்செழியன் ஆனார். திருவாரூர் அருகே காட்டூரில் 1922-இல் பிறந்த ராமையா, அன்பழகன் ஆனார். 1920-களில் பிறந்த ஒரு பாத்திரத்துக்கு நீங்கள் தூய தமிழ்ப் பெயர் வைத்தால், அவர் இளைஞராக இருந்தபோது ஒரு மேடையின் தாக்கத்தில் பழைய பெயரை உதறியவர் என்று பொருள். பழைய பெயர் அவர் அம்மாவின் வாயில் சாகும்வரை இருந்திருக்கும். அந்த மோதலை எழுதும் எண்ணம் இல்லையென்றால் அந்தப் பெயரை வைக்க வேண்டாம்.

இரண்டாம் அலை, அந்த மேடைப் பேச்சைக் கேட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தவை. 1950-களிலும் 60-களிலும் பிறந்தவர்கள் இவர்கள்: தமிழ்ச்செல்வி, மலர்விழி, கயல்விழி, தமிழரசி, மணிமேகலை, இளங்கோவன், மதியழகன், அறிவழகன். இரண்டு சொற்கள் சேர்ந்த, நிமிர்ந்து நிற்கும் பெயர்கள். கூப்பிட்டால் பாதி மேடையில் கூப்பிடுவதுபோல் இருக்கும். உங்கள் 60 வயது மகள் தமிழ்ச்செல்வியாக இருப்பதற்கு ஒரு தாய்மாமன் போதும், அவர் சட்டைப்பையில் கட்சி அட்டையோடு வந்து, "இதுக்காவது நான் பேர் வெக்கிறேன்" என்று சொன்னவர். மூத்தவனின் பெயர் தாத்தாவுக்கு உரியது. இரண்டாவது குழந்தையின் பெயரில்தான் காலம் உள்ளே நுழைய இடம் கிடைக்கும். ஆகவே ஒரே வீட்டில் கோவிந்தராசுவும் தமிழ்ச்செல்வியும் அண்ணன் தங்கையாக இருப்பது முரண் அன்று, அதுதான் இயல்பு. இதே காலத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வேரூன்றிய கீழத்தஞ்சைத் தெருக்களில் லெனின், ஸ்டாலின், ஜீவானந்தம் என்று வைத்தார்கள். நாகை, திருவாரூர்ப் பக்கத்தில் ஐம்பது வயது லெனின் ஒருவரைச் சந்திப்பது எவரையும் வியப்பில் ஆழ்த்தாது. அதே ஆளைக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கதையில் வைத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாம் அலை அண்மையது. யாழினி, நிலா, ஆதிரை, இனியா, மகிழன், கவின், முகிலன். இவை குறுகியவை, மென்மையானவை, வல்லின ஒற்று ஏறக்குறைய இல்லாதவை. வைத்தவர்கள் கட்சிக் கூட்டத்துக்குப் போனவர்களாக இருக்க வேண்டிய தேவை இல்லை. கைப்பேசியில் "தூய தமிழ்ப் பெண் குழந்தைப் பெயர்கள்" என்று தேடியவர்கள். 2018-இல் பிறந்த கொள்ளுப்பேத்திக்கு யாழினி வெகு இயல்பாகப் பொருந்தும். அதே ஆண்டில் தமிழ்ச்செல்வி என்று வைத்திருந்தால், அந்தத் தகப்பன் யார் என்று வாசகர் கேட்பார். ஒரு தமிழாசிரியரையோ தீவிர இயக்கக்காரரையோ அங்கே நிறுத்த வேண்டியிருக்கும்.

இடையில் இருப்பவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். பாட்டிக்கு 1974-இல் ஒரு கடைசி மகன் பிறந்தால், அவன் வரும்போது பெரியவர்கள் பெயர் வைத்துக் களைத்திருப்பார்கள்; பதினான்கு வயது அண்ணன் சினிமாக் கொட்டகையிலிருந்து ஒரு பெயரைக் கொண்டுவருவான். ரவிச்சந்திரன், செந்தில்குமார், ரமேஷ், சுரேஷ் என்ற வரிசை அது. சபரிமலைக்கு மாலை போடுவது பரவிய பிறகு மணிகண்டனும் ஐயப்பனும் வந்தார்கள். 1988-இல் பிறந்த பேரனுக்குக் கார்த்திக், விக்னேஷ், பிரகாஷ் போன்றவை பொருந்தும். 1994-இல் பிறந்த அவன் தங்கைக்குச் சரண்யா, ரம்யா, திவ்யா. நான் எழுதிய பதிவேடுகளில் ஒரே வகுப்பில் இரண்டு மூன்று திவ்யாக்கள் இருந்த ஆண்டுகள் உண்டு. தலைப்பெழுத்தைச் சேர்த்தே கூப்பிட்டோம். நாவலில் அப்படிச் செய்ய முடியாது என்பதால், அதே காலத்துப் பெயர்களில் முதலெழுத்து மோதாதவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

பேரனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவன் மூத்த மகனின் மூத்த மகன் என்றால், தாத்தாவின் உத்திராபதி என்ற பெயர் அவனுக்கு வர வேண்டியது. 1988-இல் எந்த இளம் தாயும் அதற்கு எளிதில் உடன்பட்டிருக்க மாட்டாள். இப்படிப்பட்ட வீடுகளில் நடந்த சமரசத்தை நான் என் மேசைக்கு எதிரிலேயே பார்த்தேன். பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பன், "பேரு என்ன?" என்று கேட்டதும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர், "கார்த்திக்னு எழுதுங்க சார்" என்றார். பின்னால் நின்றிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாதகத்தில் தாத்தா பெயர், பதிவேட்டில் அம்மா வைத்த பெயர். உங்கள் பேரனுக்கும் இந்த இரண்டு பெயர்களையும் கொடுங்கள். குலதெய்வக் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது மட்டும் உத்திராபதி வெளியே வரட்டும்.

2018 குழந்தைக்கு இன்னொரு வழியும் உண்டு. சாதகம் எழுதுபவர் நட்சத்திரத்துக்கு உரிய முதலெழுத்தைச் சொல்வார். ரோகிணி என்றால் ஓ, வ, வி, வு என்பவற்றில் ஒன்று. அந்த எழுத்தில் தொடங்க வேண்டும், ஊரில் யாருக்கும் இருக்கக் கூடாது, எண்கணிதக் கூட்டுத்தொகையும் சரியாக வர வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளின் இடுக்கில் பிறந்தவைதான் தன்விகா, ரித்விக், தர்ஷிகா போன்ற பெயர்கள். பெற்றோருக்கே பொருள் தெரியாது என்று கேலி செய்வது எளிது. குப்புசாமியைக் குப்பையில் போட்டு எடுத்த அச்சம்தான் இங்கே எண்கணிதமாக மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். எதைத் தேர்ந்தாலும் அது கார்த்திக் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லும்: யாழினி என்றால் ஒரு மாதிரி, வித்விகா என்றால் இன்னொரு மாதிரி.

நீங்கள் எழுதியவற்றைச் சரிபார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, தேர்தல் துறை தமிழிலேயே வெளியிடும் வாக்காளர் பட்டியல். உங்கள் கிராமத்தின் பாகத்தை எடுத்தால், பெயரும் வயதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தந்தை அல்லது கணவர் பெயரும் இருப்பதால் தலைமுறை மாற்றம் ஒரே கட்டத்துக்குள் தெரியும். ஆனால் முதியவர்களின் வயது பெரும்பாலும் குத்துமதிப்பானது, 60, 65, 70 என்று முழு எண்ணில் வந்து நிற்கும். ஐந்து ஆண்டு முன்பின் தள்ளியே படியுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் அதில் யாரும் இல்லை. ஒருவர் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் சேர்த்து அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள், அவர் உங்கள் நாவலைப் படிக்க நேரலாம்.

இன்னொன்று, காதணி விழாப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும். கும்பகோணம், மயிலாடுதுறை பேருந்து நிலையங்களுக்கு வெளியே கட்டியிருக்கும் எந்த அஞ்சலிப் பதாகையிலும் மேலே இறந்தவர் பெயர், அதன் கீழே மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், கடைசி வரியில் கொள்ளுப்பேரன்கள் என்று நான்கு தலைமுறை ஒரே பார்வையில் இறங்கி வரும். கலியபெருமாளில் தொடங்கி ராஜேந்திரன், செந்தில், ஹரிஷ் என்று போய், கடைசியில் ஒரு கவினில் முடியும். காதணிப் பத்திரிகையின் அடியில் சிறிய எழுத்தில், "எங்க தங்கச்சி காதுகுத்துக்கு மறக்காம வந்துடுங்க" என்ற வரியும் அதன் கீழே மழலைகளின் பெயர்களும் இருக்கும். வாக்காளர் பட்டியலில் இல்லாத சிறுவயதுப் பெயர்கள் அங்கே கிடைத்துவிடும்.

கடைசியாக, இவ்வளவு பாடுபட்டு வைத்த பெயர்கள் உரையாடலில் எவ்வளவு குறைவாக வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தையல்நாயகியைப் பேரன் பேத்திகள் அப்பாயி என்பார்கள், மகள் வழிப் பேரப்பிள்ளைகள் அம்மாச்சி என்பார்கள், ரவிச்சந்திரன் தன் அண்ணன் மனைவியை அத்தாச்சி என்பார், தெருவில் தமிழ்ச்செல்வியைவிட இளையவர்கள் அக்கா என்பார்கள். ஒரே தெருவில் மூன்று ராஜேந்திரன்கள் இருந்தால், சொசைட்டி ராஜேந்திரன், மேலத்தெரு ராஜேந்திரன் என்று அடைமொழியே முன்னால் நிற்கும். கிழவியின் முழுப்பெயர் ரேஷன் அட்டையிலும், அரசு மருத்துவமனைச் சீட்டிலும், நூறு நாள் வேலையின் வருகைப் பதிவிலும் மட்டும் வரும். எனவே கதைசொல்லி அவரை எப்படிக் குறிப்பிடுகிறார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவுசெய்யுங்கள். யாழினியின் கண்வழியே எழுதும் பக்கங்களில் அவர் தையல்நாயகி ஆக முடியாது. அந்தக் குழந்தைக்கு அவருடைய பெயரே இன்னும் தெரியாது. அவரோ யாழினியை "யாளினி" என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, "பாப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டிருப்பார்.